கை ஆடுது... ஆனா எலும்பு?

பொன்னேரி ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி லோக்கல் கிளம்பப் போகுது. சிப்காட்ல உங்களுக்கு இன்-பிளான்ட் டிரெய்னிங், லேட்டா போனா திட்டு. பிளாட்பாரத்துல ஒரே ஓட்டம். ராத்திரி பெய்த மழையில கால் வழுக்க, வலது கையை முன்னால ஊன்றி 'தொப்'புன்னு விழறீங்க. நாலு பேர் பார்க்கிறாங்களே... வலியைவிட மானம் பெருசு! தட்டிவிட்டு எழுந்து வண்டியில ஏறிடறீங்க.

கம்பெனியில சூப்பர்வைசர் கேட்பார்: "கையை ஆட்டு பார்ப்போம்." ஆட்டறீங்க. விரல் மடங்குது, மணிக்கட்டும் சுத்துது. "அப்ப ஒண்ணும் இல்ல தம்பி, சுளுக்குதான். தைலம் தடவு."

இங்கதான் தப்பு நடக்குது பாஸ்! கை ஆடுறதுங்கறது, எலும்பு முறியலைங்கறதுக்கு அத்தாட்சி கிடையாது.

மணிக்கட்டுக்குள்ள எட்டு குட்டி எலும்புகள் இருக்கு. அதுல கட்டைவிரல் பக்கம் இருப்பது ஸ்கேஃபாய்ட். முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கும். கையை நீட்டி விழும்போது உடம்போட எடை மொத்தமும் இந்தப் பக்கமா இறங்குது. வயசானவங்க இப்படி விழுந்தா, பெரும்பாலும் முன்கை எலும்போட நுனி முறியும். கை வளைஞ்சு வீங்கி, பார்த்தாலே தெரிஞ்சிடும். காலேஜ் வயசுல அந்த எலும்பு ஸ்ட்ராங். அதனால அடி பல சமயம் முந்திரி மேல விழுந்துடும்.

சரி, அது உடைஞ்சும் கை எப்படி ஆடுது? மணிக்கட்டை மடக்கி நிமிர்த்துற தசைநார்கள் பெரும்பாலும் இந்தக் குட்டி எலும்புகளைத் தாண்டிப் போய், உள்ளங்கை எலும்புகளைப் பிடிச்சு இழுக்குது. ஸ்கேஃபாய்ட்ல விரிசல் விழுந்தாலும், சுத்தியிருக்கிற எலும்பும் நாரும் துண்டுகளை இடம் மாறாம பிடிச்சு வெச்சுக்கும். சுவர் நடுவுல ஒரு செங்கல் விரிசல் விட்டா சுவர் விழுந்துடுதா என்ன? வீக்கமும் பல பேருக்கு லேசாத்தான் இருக்கும்.

கட்டைவிரலை மேல தூக்கி விரிச்சுப் பாருங்க. அதோட அடியில, மணிக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் தெரியுதா? மூக்குப்பொடி போடுற தாத்தாக்கள் பொடியைக் கொட்டி உறிஞ்சுற இடம்; டாக்டர்களும் அதை மூக்குப்பொடிப் பள்ளம்னுதான் சொல்றாங்க. விழுந்த கையில அந்தப் பள்ளத்தை அழுத்தினா 'சுரீர்'னு இருக்கு, நல்ல கையில அப்படி இல்லைன்னா, உடனே எலும்பு டாக்டர்கிட்ட போகணும். வெறும் அடியா இருந்தாலும் அங்கே வலிக்கலாம்தான். ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது அவர்.

"கையை ஊன்றி விழுந்தேன், கட்டைவிரல் பக்கம் வலி"ன்னு தெளிவா சொல்லுங்க. இந்த எலும்புக்குக் கையைத் திருப்பி வெச்சுத் தனிக் கோணத்துல எக்ஸ்ரே எடுக்கணும். அப்பவும் முதல் நாள் படத்துல விரிசல் தெரியாமப் போகலாம். அதனால சந்தேகம் இருந்தா, கட்டு போட்டு, 10 முதல் 14 நாள்ல திரும்பப் படம் எடுப்பாங்க. அதுக்குள்ள உடைஞ்ச ஓரம் கொஞ்சம் கரைஞ்சு, கோடு பளிச்சுனு தெரிய ஆரம்பிக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தா முதல் சில நாள்லயே தெரிஞ்சிடும். "எக்ஸ்ரே நார்மல்"னு அந்தக் கட்டைப் பிரிச்சுப் போட்டுட்டு, சுளுக்கு எடுக்கிறேன்னு யார்கிட்டயாவது கையைக் கொடுத்துடாதீங்க. திருவள்ளூர் பக்கம்னா உடனே புத்தூர் கட்டு ஞாபகம் வரும். எங்கே கட்டினாலும், உள்ளே என்ன ஆச்சுன்னு பார்க்காம கட்டறதும் உருவுறதும் ரிஸ்க்.

ஏன் இவ்வளவு பதற்றம்? ஸ்கேஃபாய்டுக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில நுழைஞ்சு, பின்னோக்கி முன்கை பக்கம் போகுது. நடுவுல உடைஞ்சா பின்பக்கத் துண்டு பட்டினி! சில பேருக்கு ஒட்டாமலே போகும், அந்தத் துண்டு செத்தும் போகும். வருஷக்கணக்கில உரசி உரசி, மணிக்கட்டு முழுக்கத் தேய்மானம்.

பைக் ரேஸ் பிரியர்களுக்கு கேசி ஸ்டோனரைத் தெரிஞ்சிருக்கும். 2007 மோட்டோ ஜி.பி. சாம்பியன். 2003ல் அவருக்கு உடைந்த இடது கை ஸ்கேஃபாய்ட், 2008ல் மறுபடி தொந்தரவு கொடுத்தது. அந்த சீசன் முடிந்ததும் ஆபரேஷன் பண்ணி, எலும்பு ஒட்டு வைக்க வேண்டியதாயிற்று. உலக சாம்பியனுக்கே ஐந்து வருஷம் கழித்து!

சீக்கிரம் கண்டுபிடிச்சா, விலகாத நடுப்பக்க விரிசலுக்கு மாவுக்கட்டே போதும். வழக்கமா 6 முதல் 8 வாரம், சில சமயம் 12. விலகியிருந்தாலோ, பின்பக்க முனையில உடைஞ்சிருந்தாலோ சின்ன ஸ்குரூ போடுவாங்க. கட்டுக்கு வெளியே இருக்கிற விரல்களை ஆட்டிக்கிட்டே இருக்கலாம், பைக்தான் கூடாது. மூணாவது வாரமே வலி போயிடும். "பிரிச்சு விடுங்க டாக்டர்"னு கெஞ்சத் தோணும். எலும்பு ஒட்டினது படத்துல தெரியற வரைக்கும் அவர் பிரிக்க மாட்டார்.