மூன்றாவது கேட், நாலாவது மாடி

நேர்காணல் பத்து மணிக்கு. விருதுநகரிலிருந்து இரவுப் பேருந்தில் கிளம்பிய அந்தப் பெண் காலை ஆறரைக்கெல்லாம் கிளாம்பாக்கத்தில் இறங்கிவிட்டார். சித்தி வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, ஒன்பதரைக்கு ஓ.எம்.ஆர். சாலையில் எங்கள் அலுவலக வளாகத்தின் முன்வாசலில் வந்து நின்றார். எங்கள் தளத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது மணி பத்து இருபத்தைந்து. நேர்காணல் குழுவில் இருந்தவர் தன் தாளில் முதலில் குறித்துக்கொண்ட சொல், 'தாமதம்'.

அப்போது நான் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருந்தேன். அவருக்கு வழி சொல்லி அனுப்பிய செய்தி என்னுடையது. நிறுவனத்தின் பெயர், 'பி பிளாக், 4-வது மாடி', காலை 10 மணி, என் கைபேசி எண், ஒரு மேப் இணைப்பு. இவ்வளவுதான். எல்லாம் சரியான தகவல்தானே என்று நினைத்திருந்தேன். அந்த ஐம்பத்தைந்து நிமிடம் எங்கே போனது என்று பிறகு அவரிடமே கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான், அந்தச் செய்தியில் ஒவ்வொரு வரியும் அவரை ஓரிடத்தில் நிறுத்திவைத்திருந்தது புரிந்தது.

முதலில் கேட். பெரிய வளாகங்களுக்கு ஒரு வாசல் இருப்பதில்லை. ஊழியர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, நிறுவன வண்டிகளுக்கு ஒன்று, சரக்கு இறக்க ஒன்று, வெளியாட்களுக்கு ஒன்று. மேப்பில் குத்தியிருக்கும் புள்ளி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் இருக்கும். அது நம்மைச் சாலையில் எந்த வாசல் பக்கமாக உள்ளதோ அங்கே கொண்டுபோய் விடும். அன்று முன்வாசல் காவலர் சொன்னது இதைத்தான்: "விசிட்டருக்கெல்லாம் மூணாவது கேட்டும்மா. அப்படியே பின்பக்கம் சுத்திப் போங்க." அந்தச் சுற்றுக்குப் பதினைந்து நிமிடம்.

இதற்குப் பரிகாரம் எளிது. கட்டடத்தின் இணைப்பை அனுப்பாமல், வெளியாட்கள் நுழையும் கேட்டின் முன்னால் நின்று, மேப்பில் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியைப் பகிர வேண்டும். கூடவே எழுத்திலும் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆட்டோக்காரருக்கு இணைப்பு வேண்டாம், அடையாளம் வேண்டும். ஓ.எம்.ஆருக்கு ராஜீவ் காந்தி சாலை என்பது அரசுப் பெயர். ஆனால் ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொல்பவர் குறைவு. எஸ்.ஆர்.பி. டூல்ஸ் என்ற நிறுவனப் பெயரே ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பெயராகிப்போன சாலை அது. காகிதத்தில் உள்ள முகவரியோடு, வாயில் வழங்கும் பெயரையும் எழுதினால்தான் வழி முழுமையாகும்.

இன்னொன்று, 'இடது பக்கம்' என்று மட்டும் எழுதக் கூடாது. திருவான்மியூரிலிருந்து சோழிங்கநல்லூர் நோக்கிப் போகிறவருக்கு இடப்பக்கமாக இருப்பது, எதிர்த்திசையில் வருகிறவருக்கு வலப்பக்கம். நடுவில் தடுப்புச் சுவர் வேறு. எந்தத் திசையில் வரும்போது எந்தப் பக்கம், பேருந்து எதிர்ப்பக்கம் நிற்குமானால் எங்கே கடக்கலாம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெட்ரோ வேலையால் திரும்பும் இடங்கள் மாறிக்கொண்டிருக்கும் சாலைகளில், போன மாதம் எழுதிய வழியை இந்த மாதம் அப்படியே அனுப்புவதும் ஆபத்துதான்.

மூன்றாவது கேட்டில் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது தடங்கல். காவலரிடம் இருந்த பட்டியலில் அவர் பெயர் 'இல்லை'. உண்மையில் இருந்தது. விண்ணப்பத்தில் முன்னெழுத்து முன்னால் இருந்தது. ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருந்தது. 'ர. மீனா' என்பதும் 'மீனா ரவி' என்பதும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். அகர வரிசைப் பட்டியலில் விரல் வைத்துத் தேடும் காவலருக்குத் தெரியாது. நம் ஊர்ப் பெயர் வழக்கத்தில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே, 'கேட்டில் காட்டப்போகும் அடையாள அட்டையில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ, அப்படியே எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்கி, அதே எழுத்தில் காவலர் அறைக்கு அனுப்ப வேண்டும். வந்தவர் கையில் உள்ள செய்தியும் காவலர் கையில் உள்ள பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு தெளிவாக வழி சொல்லியும் பயனில்லை. மடிக்கணினி கொண்டுவரச் சொல்லியிருந்தால் அதையும் அந்தப் பட்டியலில் குறிக்க வேண்டும். பல வளாகங்களில் அதன் வரிசை எண்ணைப் பதிந்துகொள்ளாமல் உள்ளே விடமாட்டார்கள்.

பட்டியலில் பெயர் இல்லை என்றதும் அவர் என் எண்ணுக்கு அழைத்தார். நான் எடுக்கவில்லை. இன்னொருவரின் நேர்காணலில் கைபேசியை ஊமையாக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இது தற்செயல் அல்ல. நேர்காணல் நாளில் மிகவும் வேலையாக இருக்கப்போகிறவரின் எண்ணையே, நேர்காணலுக்கு வருகிறவருக்குக் கொடுக்கிறோம். கொடுக்க வேண்டியது, அந்த நேரத்தில் நிச்சயம் எடுக்கக்கூடியவரின் எண். வரவேற்பில் இருப்பவரோ, பயிற்சியில் சேர்ந்த இளையவரோ போதும். அவர் காவலரிடம் பேசி ஆளை உள்ளே விடச் சொல்லும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். இரண்டாவதாக ஓர் எண்ணும் வேண்டும்; அது தரைவழித் தொலைபேசியாக இருந்தால் நல்லது. எண்ணுக்குப் பக்கத்தில் பெயர், எத்தனை மணியிலிருந்து எடுப்பார் என்பதும் இருக்கட்டும். காலை எட்டு மணிக்கு வண்டி பழுதாகி நிற்பவருக்கு, ஒன்பதரைக்கு மேல் எடுக்கும் எண்ணால் என்ன பயன்?

எண்ணைப் படமாகவோ நிறுவன முத்திரை போட்ட பி.டி.எஃப். தாளாகவோ அனுப்புவதும் தவறு. நடைபாதையில் வெயிலில் நிற்பவர் ஒரு தட்டலில் அழைக்க வேண்டும். வெறும் எழுத்தாக வந்த செய்தியில்தான் அது முடியும்.

பத்து மணி தாண்டி ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நான் திருப்பி அழைத்து, அனுமதிச் சீட்டு கிடைத்து, அவர் பி பிளாக்குக்கு வந்தார். மூன்றாவது தடங்கல் லிஃப்டில். அந்தக் கட்டடத்தில் கீழ் மாடிகளுக்கு ஒரு வரிசை, மேல் மாடிகளுக்கு ஒரு வரிசை. அவர் ஏறியது நாலாவது மாடியில் நிற்காத லிஃப்ட். இறங்கி வந்து மறு வரிசைக்குப் போனால், அங்கே அட்டை காட்டாமல் பொத்தான் வேலை செய்யவில்லை. யாரோ ஓர் ஊழியர் தன் அட்டையைக் காட்டி ஏற்றிவிட்டார்.

'நாலாவது மாடி' என்று எழுதும்போது நம் மனத்தில் ஓர் எண்ணிக்கை இருக்கிறது. நாம் தரைத்தளத்தை எண்ணாமல் அதற்கு மேலே ஒன்று என்று தொடங்குகிறோம். அமெரிக்க வழக்கத்தில் தரைத்தளமே ஒன்று. வெளிநாட்டு நிறுவனம் எடுத்துள்ள கட்டடத்தில் இரண்டும் கலந்துகிடப்பதுண்டு. தரைக்கு மேலேயே இரண்டு அடுக்கு வண்டி நிறுத்தம் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். எனவே மாடியைச் சொல்வதைவிட, எந்த லிஃப்டில் ஏறி எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்வதே சரி. அட்டை வேண்டும் என்றால், கீழே வரவேற்பில் காத்திருங்கள், ஆள் வந்து அழைத்துப்போவார் என்று எழுதிவிடலாம்.

கடைசியாக நேரம். 'காலை 10 மணி' என்று நான் எழுதியது எந்த இடத்துக்கான நேரம்? எனக்கு அது நேர்காணல் அறைக்கான நேரம். அவருக்கு அது வளாகத்துக்கு வந்து சேரும் நேரம். இடத்தோடு கட்டப்படாத நேரத்தை இருவர் இருவிதமாகத்தான் படிப்பார்கள். கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். எங்கள் வளாகத்தில் கேட்டில் சோதனைக்கும் சீட்டுக்கும் பதினைந்து நிமிடம், உள்ளே நடக்க ஐந்து, காலை நெரிசலில் லிஃப்டுக்குப் பத்து, மேலே படிவம் நிரப்பி மூச்சு விடப் பதினைந்து. மொத்தம் முக்கால் மணி. பத்து மணி நேர்காணலுக்கு எழுத வேண்டிய நேரம், '9:15-க்குள் மூன்றாவது கேட்'. அதையும் வேலைநாள் காலையில் ஒருமுறை நடந்து பார்த்து எடுக்க வேண்டும். மதியம் ஆளில்லாத நேரத்தில் அளந்தால் பாதிதான் வரும்.

முடியும் நேரத்தையும் சொல்லிவிடுவது நல்லது. வெளியூரிலிருந்து வருகிறவர் திரும்பும் பயணச்சீட்டை அதை வைத்துத்தான் எடுப்பார்.

அந்த நாளுக்குப் பிறகு நான் அனுப்பத் தொடங்கிய செய்தி இப்படி இருந்தது:

'செவ்வாய்க்கிழமை காலை 9:15-க்குள் மூன்றாவது கேட்டுக்கு வாருங்கள். முன்வாசலில் விடமாட்டார்கள். திருவான்மியூரிலிருந்து வந்தால், பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் முதல் இடது சந்து. சந்தில் 300 மீட்டர், நீல நிறக் கேட். கேட்டின் மேப் புள்ளி கீழே. அசல் ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம் காட்டுங்கள். அதில் உள்ளபடியே உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறோம். பி பிளாக் தரைத்தள வரவேற்பில் உட்காருங்கள். 4-வது மாடிக்கு நாங்கள் வந்து அழைத்துப்போவோம். நேர்காணல் 10 மணிக்கு. மதியம் 1 மணிக்குள் முடியும். வழியில் ஏதேனும் என்றால் காலை 7:30 முதல் இந்த எண்ணுக்கு அழையுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த எண். படியேறச் சிரமம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். சாய்தளம் உள்ள வழியில் அழைத்துவருகிறோம்.'

வருகிறவர் எந்த வரிசையில் இடங்களைக் கடப்பாரோ அதே வரிசையில் இது போகிறது: சந்து, கேட், வரவேற்பு, மாடி. இதை இரண்டு நாள் முன்பு ஒருமுறையும், முந்தின நாள் மாலை ஒருமுறையும் அனுப்பினேன். அனுப்பும் முன், அந்த வாரம்தான் வேலையில் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்து, பேருந்து நிறுத்தத்திலிருந்து யாரையும் கேட்காமல் நடந்து வரச் சொன்னேன். பழகியவர் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணுக்குப் பட்டது: பெட்ரோல் பங்க்கை ஒட்டி இரண்டு சந்துகள் இருந்தன. 'முதல்' என்ற சொல் அவர் சொல்லிச் சேர்ந்ததுதான்.

செய்தி சரியா என்று அறிய இன்னொரு வழி, வரும் அழைப்புகளைக் குறித்துவைப்பது. ஒருவர் வழி கேட்டால் அவர் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பேர் ஒரே இடத்தில் நின்று ஒரே கேள்வியைக் கேட்டால், தவறு எழுதியவருடையது.

அன்று 'தாமதம்' என்று எழுதியிருந்த தாளை நான் வாங்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் 'வழி தவறாகச் சொல்லப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேர்காணலுக்கு வருகிறவர் நேரத்துக்கு வரவில்லை என்று முடிவு கட்டுமுன், அவருக்கு அனுப்பிய செய்தியை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.