நாடி பிடித்தபடியே மூச்சை எண்ணுங்கள்

அனுபவமுள்ள நர்ஸ் நாடி பார்த்து முடித்ததும் கையை விட்டுவிட மாட்டார். விரலை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் நோயாளியின் நெஞ்சுக்குத் திருப்புவார். அங்கே அவர் எண்ணுவது மூச்சை. "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் காரியம் கெட்டது. யாரானாலும் தம்மை அறியாமல் மூச்சை நிதானப்படுத்திவிடுவார்கள். அதற்காகத்தான் இந்தச் சின்னத் தந்திரம்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். பத்து நிமிடம் ஓய்வாக உட்கார வைத்துவிட்டு எண்ணுங்கள். நெஞ்சோ வயிறோ ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழு நிமிடமும் எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒன்றைத் தவறவிட்டாலும் கணக்கில் நான்கு பிசகும்.

ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு, 60 முதல் 100 நாடித்துடிப்பு வழக்கம். தோராயமாக ஒரு மூச்சுக்கு நான்கு துடிப்பு. குழந்தைகளின் கணக்கு வேறு. சளி, இருமலோடு இருக்கும் குழந்தைக்கு, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினாலே உலக சுகாதார நிறுவனம் அதை வேகமான மூச்சு என்கிறது, நிமோனியாவாக இருக்கலாம். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு அந்த எல்லை 60.

68 வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரொலால் சாப்பிடுகிறார். வழக்கமாக அவருக்கு நாடி 64, மூச்சு 16. நான்கு நாளாக இருமல், லேசான காய்ச்சல். இன்று நாடி 82. பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் 96 காட்டுகிறது. ஆனால் மூச்சு 26.

இங்கே நம்ப வேண்டியது மூச்சைத்தான். நாடி ஏறவிடாமல் மாத்திரை பிடித்து வைத்திருக்கிறது. ஆக்சிஜன் அளவு இறங்காததற்குக் காரணம், அவர் வேகவேகமாக மூச்சுவிட்டு அதைத் தாங்கிப் பிடிப்பதுதான். அந்த உழைப்பு தளர்ந்த பிறகே கருவியில் எண் சரியும். இவருக்கு உடனே 108-ஐ அழைத்து, மருத்துவமனையில் நிமோனியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூச்சு ஏறினாலே நுரையீரல் கோளாறு என்றும் சொல்லிவிட முடியாது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும், ரத்தசோகை கடுமையானாலும், கிருமித்தொற்று ரத்தத்தில் பரவினாலும் ஏறும். கட்டுக்கடங்காத சர்க்கரையால் ரத்தத்தில் அமிலம் கூடினால், மூச்சு வேகமாக மட்டுமல்ல, ஆழமாகவும் இருக்கும்; உடல் கரியமில வாயுவை வெளியேற்றி அமிலத்தைக் குறைக்கப் பார்க்கிறது. வெறும் பதற்றத்திலும் மூச்சு ஏறும்தான். ஆனால் அமைதியான பிறகோ தூக்கத்திலோ அது இறங்கிவிடும். அரை மணி கழித்து மறுபடி எண்ணியும் 20-க்கு மேலேயே நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். 25-ஐத் தொட்டாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ மறுபடி எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.