1780-ஆம் ஆண்டு உடையில் இன்றைய முகம்

உருவப்படத்துக்கு அமர்பவரை அவர் வாழாத ஒரு நூற்றாண்டின் உடையில் காட்டும் வழக்கம் ஐரோப்பிய ஓவியத்தில் பழையது. ரெம்பிரான்ட் 1640-இல் தன்னைத்தானே வரைந்தபோது, தன் காலத்து உடையை விட்டுவிட்டு நூறு ஆண்டுக்கு முந்தைய உடையை அணிந்துகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்த ரஃபாயேலின் ஓவியம் ஒன்று அதற்குத் தூண்டுதல். 1770 வாக்கில் இங்கிலாந்தில் கெயின்ஸ்பரோ வரைந்த ‘நீலச் சிறுவன்’ போட்டிருப்பது வான் டைக் காலத்து உடை. அதாவது, படம் வரையப்பட்ட நாளில் அந்த உடைக்கு வயது சுமார் நூற்று முப்பது. அந்தப் பையன் மட்டுமல்ல, கெயின்ஸ்பரோவிடம் வரைந்துகொண்ட வேறு சிலரும் அதே உடையில் படங்களில் நிற்கிறார்கள்.

இன்று ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் கணினியில் படம் வரைபவர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். பெரும்பாலான படங்கள் பிசகுவது துணியில் அல்ல, அதற்கு முன்பே. ‘பதினெட்டாம் நூற்றாண்டு’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு தொடங்குவதுதான் முதல் பிசகு. நூறு ஆண்டுகளில் இடுப்பு ஏறி இறங்கியிருக்கும், பாவாடை அகன்று சுருங்கியிருக்கும். ஆண்டு, ஊர், நாளின் வேளை ஆகிய மூன்றையும் முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டு 1780, ஊர் ஆம்ஸ்டர்டாம், வேளை காலை. முப்பது வயதுப் பெண், வசதியான வணிகர் வீடு. உடை, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித்துணியில் தைத்த கவுன்.

ஆம்ஸ்டர்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியச் சீட்டித்துணி தங்கள் நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுக்கிறது என்று பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடை செய்திருந்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டது. 1774-இல் தளர்த்தியபோதும், சலுகை உள்நாட்டில் அச்சிட்ட பருத்திக்குத்தான் கிடைத்தது. ஹாலந்தில் அப்படித் தடை எதுவும் இல்லை. ஆகவே ஒரே கவுன் ஆம்ஸ்டர்டாமில் அன்றாட உடை, லண்டனில் கள்ளக்கடத்தல் சரக்கு. வேளையும் அதைப் போலவே முக்கியம். விருந்துக்கும் அரசவைக்கும் பட்டு, வீட்டில் இருக்கும் நேரத்துக்குச் சீட்டி. பின்னால் சரவிளக்கும் நடன மண்டபமும் வைத்துவிட்டு முன்னால் சீட்டிக் கவுனில் பெண்ணை நிறுத்தினால் எல்லாமே பொய்யாகிவிடும்.

உடையை உள்ளிருந்து வெளியே கட்ட வேண்டும். உடம்போடு ஒட்டியிருப்பது லினன் துணியில் தைத்த, முழங்காலுக்குக் கீழே வரும் தொளதொள ஷிஃப்ட். அதன்மேல் ஸ்டேஸ் எனப்படும் இறுக்கு உள்ளுடை. திமிங்கிலத்தின் வாயில் இருக்கும் வளையும் தகடுகளை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, லினன் அடுக்குகளுக்கு இடையே நெருக்கமாகச் செருகித் தைத்து, முதுகுப்பக்கம் கயிறு கோத்து இழுத்துக் கட்டுவார்கள். இடுப்பை மணற்கடிகாரம்போல் ஒடுக்குவது இதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது அடுத்த நூற்றாண்டின் கோர்செட் செய்த வேலை. ஸ்டேஸ் உடலைத் தலைகீழாக வைத்த கூம்பாக மாற்றும். முன்புறம் நெஞ்சுக்குக் கீழே வழவழவென்று நேர்க்கோடாக இறங்கும், மார்பு மேல்நோக்கி ஒன்றாகத் தூக்கப்படும், தோள்கள் பின்னுக்குப் போகும், முதுகு வளையாது.

படம் உண்மையா வேஷமா என்று கண்டுபிடிக்க எளிய இடம் இதுதான். இன்றைய பிராவின்மேல் பழங்கால கவுனை மாட்டினால் மார்பு இரண்டு தனி உருண்டைகளாகத் தெரியும், நெஞ்சுக்குக் கீழே துணி குறுக்காகச் சுருங்கும். எவ்வளவு விலையுயர்ந்த துணியும் அதை மறைக்காது. உட்காரும் விதமும் மாறும். ஸ்டேஸ் அணிந்தவர் நாற்காலியில் சாய்ந்து குழைய முடியாது, இருக்கையின் முன்பாதியில் நிமிர்ந்துதான் இருப்பார். அமர்பவர் சும்மா நிமிர்ந்திருப்பதாக நடித்தால் பத்து நிமிடத்தில் தோள் முன்னால் வந்துவிடும்.

ஸ்டேஸுக்குக் கீழே, இடுப்பைச் சுற்றி நாடாவால் கட்டும் தனிப் பைகள். கவுனில் பை தைப்பதில்லை. பிறகு பின்பக்கம் எடுப்பாக நிற்க ஒரு திண்டு, அதன்மேல் பாவாடைகள். 1780-இல் பாவாடையின் அகலம் பக்கவாட்டில் அல்ல, பின்னால்தான். பக்கவாட்டுக் கூண்டு வைத்த அகலமான உருவம் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் அரசவைக்கும் உரியது.

அடுத்தது வெட்டு. அன்றைய கவுனின் முதுகு இன்றைய கண்ணுக்கு விசித்திரமாகப் படும் அளவுக்குக் குறுகலாக இருக்கும். தோள்பட்டையின் தையல் தோளின் உச்சியில் ஓடாமல் பின்னுக்குத் தள்ளி விழும். கைக்குழியும் பின்னால் தள்ளியே இருக்கும். முதுகுத் தையல்கள் வளைந்து இறங்கி இடுப்பின் நடுவில் ஒரு முனையாகக் கூடும். கை ஒட்டிப்பிடித்து, முழங்கையின் வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட்டு, முழங்கையைத் தாண்டிச் சற்றுக் கீழே முடியும். கழுத்து அகலமாகத் திறந்திருக்கும், அதை ஒரு மஸ்லின் கைக்குட்டை நிரப்பும். முன்பக்கம் நடுவில் சேரும் இடத்தில் பொத்தான் வரிசை கிடையாது. குண்டூசிகளால் குத்தி மூடுவார்கள். படம் வரைபவர் அந்த இடத்தில் இரண்டு மூன்று ஊசித்தலைகளைப் புள்ளியாக வைத்தால் போதும், உடை நம்பத் தகுந்ததாகிவிடும்.

கவுனின் கீழ்ப்பகுதி நேரான செவ்வகத் துண்டுகளை இணைத்தது. மேலே குறுகி கீழே விரியும்படி சாய்த்து வெட்டுவது பின்னாளில் வந்தது. இந்த ஒரு செய்தியிலிருந்து துணியின் விழுச்சி முழுவதும் தெரிந்துவிடும். அகலமெல்லாம் இடுப்பில் நெருக்கமான சிறு மடிப்புகளாகச் சுருக்கப்படுவதால், பூங்கொடிகள் செங்குத்தாகவே இறங்கும். மடிப்புக்குள் பூவின் பாதி மறைந்து, அடுத்த மடிப்பில் வேறொரு பூவின் ஓரம் எட்டிப்பார்க்கும். கணினியில் செய்யும் படங்களில் அதிகம் காணும் தவறு இங்கேதான் நிகழ்கிறது: மடிப்புகளின் நிழல் மட்டும் விழுந்திருக்கும், பூவேலையோ தட்டையான தாளில் அச்சிட்டதுபோல் மடிப்பைத் தாண்டி உடையாமல் ஓடும். தையலிலும் கவனம் வேண்டும். விலையுயர்ந்த துணி என்பதால் ஒட்டுப்போட்டுத் தைப்பது வழக்கம். இணைப்பில் பூவும் பூவும் கச்சிதமாகச் சேர்ந்தால் அதுவே சந்தேகத்துக்குரியது.

இனி துணி. நம் கரையில் நடந்த வேலையைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் துணியை வரைய முடியாது. அங்கிருந்த கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அந்த முறையை 1742-இல் ஒரு கடிதத்தில் விவரித்து ஊருக்கு அனுப்பியிருக்கிறார். வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, பிறகு எழுதும் கரைசல் துணியில் கசியாமல் காக்கும். கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல், சிவப்புக்குப் படிகாரம், இரண்டையும் கலம் என்ற எழுதுகோலால் கையாலேயே எழுதுவார்கள். சாயவேரில் கொதிக்கவைத்ததும் படிகாரம் பட்ட இடம் சிவக்கும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடிவிட்டுத் துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். கடைசியாக, நீல இலைகளின்மேல் மஞ்சளைப் பூசுவார்கள், அது பச்சையாகும்.

அந்த மஞ்சள்தான் இன்றைய ஓவியரை ஏமாற்றுகிறது. சிவப்பும் நீலமும் இருநூறு ஆண்டு தாங்கும், மஞ்சள் தாங்காது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலோ நெதர்லாந்தின் அருங்காட்சியகங்களிலோ இருக்கும் பழைய சீட்டிகளில் இலைகள் பெரும்பாலும் நீலமாகத் தெரிவது அதனால்தான். அதைப் பார்த்து அப்படியே நீல இலைகளை வரைபவர் 1780-இன் கவுனை வரையவில்லை, வெளிறிப்போன அருங்காட்சியகப் பொருளை வரைகிறார். அந்தக் காலையில் அந்தப் பெண் அணிந்தபோது இலை பச்சை.

பளபளப்பிலும் இதே எச்சரிக்கை தேவை. முடித்த துணிக்குக் கஞ்சி போட்டு, அடித்து, சங்கால் தேய்த்து மெருகேற்றுவது உண்டு. அந்த மினுக்கம் பட்டின் ஒளிபோல வழியாது. மேடான இடங்களில் மட்டும் கறாராக வெட்டும், மடிப்பின் முகடு கூராக நிற்கும். பாலியெஸ்டர் திரைச்சீலைத் துணியில் தைத்த நாடக உடைகளை இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டே பிடித்துவிடலாம் என்று சொன்னால் மிகையில்லை, அவை எழுப்பும் ஒலியே வேறு.

புகைப்படத்துக்கு உண்மையான துணி தேவைப்பட்டால், கலத்தால் எழுதும் வேலை ஸ்ரீகாளஹஸ்தியில் இன்றும் நடக்கிறது. ஆனால் அந்தத் துணிகளின் வழக்கமான நிலம் பழுப்பு மஞ்சள். ஐரோப்பாவுக்குப் போன சீட்டிகளில் பெரும்பாலானவை வெள்ளை நிலம் கொண்டவை, சாணநீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து வெளுத்தவை. ஆகவே வெள்ளை நிலம் என்று கேட்டு வாங்க வேண்டும். நிறங்களிலும் ஒரு எல்லை உண்டு. பெர்கின் 1856-இல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தபிறகு வந்த பளிச்சென்ற ஊதாவும் இளஞ்சிவப்பும் இந்தப் படத்துக்குள் நுழையக் கூடாது.

உடை சரியாக அமைந்த பிறகும் படத்தின் உண்மையான தேதியைக் காட்டிக்கொடுப்பது தலையும் முகமும். எலிசபெத் டெய்லரின் ‘கிளியோபாட்ரா’ படத்தில் உடையை எகிப்து என்று ஏற்றுக்கொண்டாலும், கண்மை 1963 என்று சொல்லிவிடும். 1780-இன் பெண்ணின் தலைமுடி நெற்றியிலிருந்து மேலே தூக்கிச் சுருட்டி, மாவுப்பொடி தூவி, வீட்டில் என்பதால் வெள்ளைத் தொப்பிக்குள் பாதி மறைந்திருக்கும். திருத்தமாக ஓரம் வரைந்த உதடு, நகப்பூச்சு, மணிக்கட்டில் கடிகாரம் கட்டிய தடம் மூன்றையும் முதலிலேயே நீக்கிவிடுவது நல்லது.

செலவு செய்ய அளவான பணமே இருக்கிறது என்றால், அதைத் துணியில் போட வேண்டாம். அமர்பவரின் அளவுக்குச் சரியாகத் தைத்த ஸ்டேஸின்மேல் சாதாரண வெள்ளைப் பருத்தியில் தைத்த கவுன்கூட 1780-இன் உடையாக நிற்கும். ஸ்டேஸ் இல்லாமல், அருங்காட்சியகத்திலிருந்தே அசல் சீட்டியைக் கொண்டுவந்து போர்த்தினாலும் நிற்காது.