கேம் ஓடும் லேப்டாப்பில் கேம் என்ஜினும் ஓடுமா?

வாலரண்ட் விளையாட்டு 2020-இல் வெளிவந்தபோது அது கேட்ட குறைந்தபட்ச ரேம் 4 ஜிபிதான். தனி கிராபிக்ஸ் கார்டுகூட வேண்டியதில்லை. பழைய இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் எச்டி 4000 போதுமாக இருந்தது. அந்த விளையாட்டு எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் அன்ரியல் என்ஜின் நான்காம் பதிப்பில் உருவானது. அதே என்ஜினின் ஐந்தாம் பதிப்பில் விளையாட்டை உருவாக்க எபிக் பரிந்துரைப்பதோ 32 ஜிபி ரேமும், 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டும். பதிப்பு மாறியதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. கேம் நன்றாக ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு மாணவரின் லேப்டாப்பில் எடிட்டரும் ஓடும் என்று சொல்லிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

விளையாடுபவரின் கைக்கு வருவது முடிந்துபோன பொருள். அதில் உள்ள ஒவ்வொரு படமும் முன்பே சுருக்கப்பட்டிருக்கும், தேவையற்றவை நீக்கப்பட்டிருக்கும். எடிட்டரில் அந்த வேலை எல்லாம் அந்த லேப்டாப்பிலேயே நடக்க வேண்டும். ஒரு சுவரின் மேற்பரப்புக்கான படத்தை எடுத்துக்கொள்ளலாம். அகலம் 4096, உயரம் 4096 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் மூலப்படம் 64 எம்பி ஆகும். புள்ளிக்கு ஒரு பைட் என்ற அளவுக்குச் சுருக்கினால் அது 16 எம்பி ஆகிவிடும். கேம் இந்த 16 எம்பியை, அதுவும் சுவர் கண்ணுக்கு அருகில் வரும்போது மட்டுமே, முழுதாக ஏற்றுகிறது. எடிட்டரோ 64 எம்பி மூலத்தைத் திறந்து, சுருக்கி, இரண்டையும் வட்டில் வைத்துக்கொள்கிறது.

ஷேடர்களின் கதையும் இதுவே. ஒரு பொருளின் மீது ஒளி விழுந்தால் அது எப்படித் தெரிய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்தான் ஷேடர். புதிய திட்டத்தை முதன்முறை திறக்கும்போது இவை ஆயிரக்கணக்கில் தயாராக வேண்டியிருக்கும். திரையின் கீழ் ஓரத்தில் `Compiling Shaders` என்ற எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ப்ராசஸரின் எல்லாக் கோர்களும் முழு வேகத்தில் உழைக்கும். முடிந்தவற்றை என்ஜின் `DerivedDataCache` என்ற ஃபோல்டரில் சேமித்துவிடுவதால் அடுத்த முறை இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் இராது. எதையும் மாற்றாமலே திறக்கும்போதெல்லாம் இந்த எண்ணிக்கை ஆரம்பத்திலிருந்து ஓடினால் ப்ராசஸரைக் குறை சொல்ல வேண்டாம். வட்டு நிரம்பியிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு 'கிளீனர்' மென்பொருள் அந்தச் சேமிப்பை அழித்துக்கொண்டிருக்கலாம்.

இனி ஒரு குறிப்பிட்ட லேப்டாப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600எச் ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி நினைவகத்துடன் ஆர்டிஎக்ஸ் 3050, 512 ஜிபி எஸ்எஸ்டி. கேம் ஆடுவதையும் மனத்தில் வைத்து மாணவர்கள் வாங்கும் லேப்டாப்புகளில் இது பரவலான அமைப்பு. இதில் பல கேம்கள் நடுத்தர அமைப்பில் தடையின்றி ஓடும்.

அன்ரியல் 5-இல் சிறு மாதிரித் திட்டம் ஒன்றைத் திறந்தால் ரேம் ஏறத்தாழ இப்படிப் பிரியும்: விண்டோஸுக்கும் பின்னணி மென்பொருட்களுக்கும் மூன்றரை ஜிபி, எடிட்டருக்கு நான்கரை, சி++ நிரல் எழுதும் விஷுவல் ஸ்டூடியோவுக்கு ஒன்றரை, பாடக் காணொளி ஓடும் பிரவுசருக்கு ஒன்றரை. மொத்தம் 11 ஜிபி. ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி சுமார் அரை ஜிபியைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும். மிஞ்சுவது நாலரை ஜிபிக்குச் சற்றுக் குறைவு.

இந்த மிச்சத்தில்தான் எழுதிய நிரலைக் கம்பைல் செய்ய வேண்டும். அன்ரியலின் கம்பைல் கருவி பல கோப்புகளை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும். ஒரு கோப்புக்கு 1.5 ஜிபி காலி ரேம் வேண்டும் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. காலி இடம் குறைவாக இருந்தால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதை வெளிப்படையாக எழுதியும் காட்டும். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் சற்று மாறினாலும் வரி இந்த மாதிரி இருக்கும்:

```
Requested 1.5 GB free memory per action, 4.40 GB available: limiting max parallel actions to 2
```

ஆறு கோர் இருந்தும் இரண்டு வேலைதான் ஒரே நேரத்தில் நடக்கிறது. எடிட்டரையும் பிரவுசரையும் மூடிவிட்டால் காலி இடம் 10.4 ஜிபி ஆகும், அதை 1.5-ஆல் வகுத்தால் ஆறு வேலைகளுக்கு இடம் கிடைக்கிறது. அதாவது ஆறு கோர்களும் உழைக்கும். ஒரு பைசா செலவில்லாமல் ப்ராசஸரின் முழுத் திறன் கைக்கு வந்துவிடுகிறது. சி++ தலைப்புக் கோப்புகளை மாற்றும்போது எடிட்டரை மூடிவிட்டுக் கம்பைல் செய்வது வேறு குழப்பங்களையும் தவிர்க்கும் என்பதால், இந்த லேப்டாப்பில் அதையே வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. நிரலே எழுதாமல் புளூபிரின்ட் என்ற வரைபட முறையில் மட்டும் வேலை செய்பவருக்கு விஷுவல் ஸ்டூடியோவும் வேண்டாம், இந்தக் கம்பைல் சுமையும் இல்லை.

ரேம் அடியோடு போதாமல் போனால் கம்பைல் பாதியில் நின்றுவிடும். `error C3859: Failed to create virtual memory for PCH` என்ற வரி வந்தால், எழுதிய நிரலில் பிழை தேட வேண்டியதில்லை. ரேம் தீர்ந்ததும் விண்டோஸ் வட்டின் ஒரு பகுதியைப் ‘பேஜ் ஃபைல்’ என்ற பெயரில் ரேம் போலப் பயன்படுத்தும். அதற்கும் இடமில்லை என்பதையே இந்த வரி சொல்கிறது. சி டிரைவில் இடம் ஒழித்துக் கொடுத்து, திறந்திருக்கும் மென்பொருட்களை மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

512 ஜிபி வட்டில் இந்த இடப் பற்றாக்குறை எளிதில் வரக்கூடியதே. என்ஜின் மட்டுமே பல பத்து ஜிபி எடுத்துக்கொள்ளும். விஷுவல் ஸ்டூடியோ, ஷேடர் சேமிப்பு, திட்டங்கள் ஆகியவை அதற்கு மேல். 100 ஜிபி அளவுள்ள இரண்டு கேம்களும் அதே வட்டில் இருந்தால், விளையாடுவதும் உருவாக்குவதும் இடத்துக்காகப் போட்டி போடத் தொடங்கிவிடும்.

அடுத்த தடை கிராபிக்ஸ் கார்டின் 4 ஜிபி. கேம் ஆடும்போது அந்த நினைவகம் ஏறக்குறைய முழுதும் கேமுக்கே கிடைக்கிறது. எடிட்டரிலோ முக்கியக் காட்சிச் சாளரம், திறந்து வைத்த ஒவ்வொரு பொருளின் முன்னோட்டச் சாளரம், பின்னால் ஓடும் பிரவுசர் எல்லாம் அதைப் பங்கு போடுகின்றன. எல்லை தாண்டும்போது திரையில் `TEXTURE STREAMING POOL OVER` என்று தொடங்கும் எச்சரிக்கை சிவப்பில் தோன்றும். சுவர்களும் துணிகளும் மங்கலாகத் தெரியும். டாஸ்க் மேனேஜரில் `Shared GPU memory` ஏறிக்கொண்டே போவதும் அதே அறிகுறிதான்: கார்டில் இடமின்றி ரேமைக் கடன் வாங்குகிறது. இன்னும் மீறினால் `Out of video memory` என்று சொல்லி எடிட்டர் மூடிக்கொள்ளும்.

இந்தச் சுமையில் பெரும்பங்கு அன்ரியல் 5 தொடக்கத்திலேயே இயக்கி வைத்திருக்கும் லூமன் ஒளியமைப்பிலிருந்தும் புதிய வகை நிழல்களிலிருந்தும் வருகிறது. கற்றுக்கொள்ளும் திட்டத்துக்கு இவை தேவையில்லை. திட்டத்தின் `DefaultEngine.ini` கோப்பில் கீழ்க்காணும் வரிகளைச் சேர்த்து எடிட்டரை மறுபடி திறந்தால் இரண்டும் அணைந்துவிடும்:

```
[/Script/Engine.RendererSettings]
r.DynamicGlobalIlluminationMethod=0
r.ReflectionMethod=2
r.Shadow.Virtual.Enable=0
```

மறைமுக ஒளி நீங்குவதால் நிழல் விழுந்த மூலைகள் முன்பைவிட இருண்டு தெரியும். பிரதிபலிப்புகளும் எளிய முறைக்கு மாறும். அதற்குப் பதிலாக காட்சியைத் திருப்பிப் பார்ப்பதும் பொருட்களை நகர்த்துவதும் திக்கித் திணறாமல் நடக்கும்.

தடை எங்கே இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. எடிட்டரில் `stat unit` என்று கட்டளை கொடுத்தால் ஒரு காட்சிச் சட்டம் உருவாக எடுக்கும் நேரம் மில்லி விநாடியில் தெரியும். `Frame` 33.3 என்றால் விநாடிக்கு 30 சட்டங்கள், 16.7 என்றால் 60. அதன் கீழே உள்ள `GPU` எண் `Frame` எண்ணுக்கு மிக அருகில் இருந்தால் தடை கிராபிக்ஸ் கார்டில் உள்ளது. `Game` எண் அருகில் இருந்தால் எழுதிய நிரலே நேரத்தைத் தின்கிறது. அப்போது நிழலையும் ஒளியையும் குறைத்துப் பயனில்லை. எடிட்டருக்குள் ஓட்டிப் பார்க்கும்போது எடிட்டரின் சுமையும் இந்த எண்களில் கலந்திருக்கும். விளையாட்டின் உண்மையான வேகத்தை அறிய அதைத் தனியாகப் பேக்கேஜ் செய்து, எடிட்டரை மூடிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வெப்பமும் வேறு விதமாக நடந்துகொள்ளும். ஷேடர் தயாராகும்போதும் கம்பைலின்போதும் எல்லாக் கோர்களும் நிமிடக்கணக்கில் நூறு சதவீதத்தில் நிற்பதால் மெல்லிய லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸரின் கிகாஹெர்ட்ஸ் எண் படிப்படியாக இறங்குவதில் இதைக் காணலாம். சார்ஜரைக் கழற்றினால் வேகம் இன்னும் குறையும் என்பதால் எடிட்டர் வேலையை மின் இணைப்பில் வைத்தே செய்ய வேண்டும்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத 8 ஜிபி லேப்டாப்பின் நிலை வேறு. அங்கே கிராபிக்ஸ் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது. அதே 8 ஜிபியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸும் அன்ரியல் எடிட்டரும் மட்டுமே திறந்திருந்தாலும் ரேம் நிரம்பிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு கிளிக்குக்கும் வட்டு ஓடிக்கொண்டிருக்கும். இந்த லேப்டாப்பில் கோடோ என்ஜினை எடுத்துக்கொள்வது பொருத்தம். அதன் எடிட்டர் பல பத்து ஜிபி கேட்பதில்லை. புதிய திட்டம் தொடங்கும்போது `Compatibility` என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், பழைய ஓபன்ஜிஎல் 3.3 தெரிந்த கிராபிக்ஸ் பகுதியிலும் ஓடும். இருபரிமாண விளையாட்டுகளையும் சிறு முப்பரிமாண விளையாட்டுகளையும் இதில் முழுமையாக உருவாக்கிவிடலாம்.

பணம் செலவழிக்க முடியுமென்றால் முதலில் ரேமுக்குத்தான். லேப்டாப்பில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதை முன்பே பார்க்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒற்றை 8 ஜிபிக்குத் துணையாக இன்னொரு 8 ஜிபி போடும்போது அளவு மட்டும் கூடுவதில்லை. இரண்டு ரேமும் இணைந்து வேலை செய்வதால் ரேமை நம்பியிருக்கும் கிராபிக்ஸ் பகுதியின் வேகமும் கூடும். மேலே கணக்கிட்ட 16 ஜிபி லேப்டாப்பை 32 ஆக்கினால் எடிட்டரை மூடாமலேயே ஆறு கோர்களும் கம்பைல் செய்யும். ஆனால் கிராபிக்ஸ் கார்டின் 4 ஜிபியைக் கூட்ட வழியில்லை. அதனால் அந்த லேப்டாப் எவ்வளவு பெரிய காட்சியைத் தாங்கும் என்பதன் இறுதி எல்லை அங்கேதான் இருக்கிறது.