தேயாத மரமும் தேய்ந்த திருகும்

குயிலாப்பாளையத்தில் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். பழைய தேக்கு அலமாரி. மேல் டிராயரின் பித்தளைக் குமிழ் ஆடிக்கொண்டிருந்தது. இறுக்கவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. பொறுமை போய், குமிழுக்கு அடியில் காய்கறிக் கத்தியை நுழைத்து நெம்பியிருக்கிறார். குமிழ் அசையவில்லை, பாலிஷில் மட்டும் மயிரிழை போல ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடு ரேகையோடு நீளமாக ஓடினால் மரம் பிளக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். நல்லவேளை, அது பாலிஷோடு நின்றிருந்தது.

முருங்கைக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே நறுக்கக் கத்தி வேண்டும். நெடுக்கில் நகமே போதும், நார்வாக்கில் பிரிந்துவிடும். மரமும் அப்படித்தான். டிராயர் முகப்பில் குமிழுக்கான துளை ஏற்கெனவே நாரை அறுத்திருக்கிறது. அங்கே ஒரு பக்கமாக நெம்பினால் துளையின் இரு ஓரத்திலிருந்தும் பிளவு கிளம்பும். அதனால் முன்பக்கம் நெம்பவே கூடாது. வேலை முழுவதும் உள்பக்கத்தில்.

இந்த வகைக் குமிழை டிராயருக்கு உள்ளிருந்து ஒரு மரைத் திருகு பிடித்திருக்கிறது, பெரும்பாலும் 4 மி.மீ. தடிமன். திருகு மரத்தில் கடிப்பதில்லை. துளை வழியே வந்து குமிழின் மரைக்குள் ஏறுகிறது. முறுக்கு பிழிகிற திருகு உரல் போல, சுற்றினால் முன்னே போகும். தலையின் பள்ளம் மழுங்கினால் என்ன ஆகும்? மிக்ஸி ஜாரின் அடியில் கப்ளர் பல் தேய்ந்தால் மோட்டார் சுற்றும், பிளேடு நிற்கும். இங்கே திருப்புளி சுற்றும், திருகு நிற்கும். எங்கள் பக்கம் கடற்காற்று உப்பு கலந்தது. பித்தளையோடு ஒட்டியிருக்கும் இரும்பு ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் அடைத்து, மரைக்குள் இறுகிக்கொள்ளும்.

டிராயரை முழுதாக உருவி, மடித்த துண்டின்மேல் முகம் கீழாகக் கவிழ்க்கும் முன் ஒரு வேலை. குமிழைச் சுற்றி பாலிஷ் ஒட்டியிருக்கும். இட்லித் தட்டில் ஓரமாகக் கரண்டியை ஓட்டி எடுப்போமே, அதுபோல பிளேடு நுனியால் குமிழின் விளிம்பைச் சுற்றி அறுத்துவிடுங்கள். அறுக்காவிட்டால் குமிழ் வரும்போது பாலிஷும் செதிலாகப் பெயர்ந்து வரும்.

அக்கா வீட்டில் முதலில் எளிய வழியைத்தான் முயன்றேன். துரு இளக்கும் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, திருகின் தலையோரம். அதற்குமேல் விட்டால் மரம் உறிஞ்சிக் கறையாகும், பிறகு பாலிஷ் பிடிக்காது. ஓர் இரவு விட்டு, பள்ளத்தில் சைக்கிள் டியூப் துண்டை வைத்து, சரியான அளவு திருப்புளியை உடல் எடையோடு அழுத்தித் திருப்பினேன். நழுவியது. தலை மரத்துக்கு வெளியே துருத்தியிருந்தால் அதை வைஸ் கிரிப்பால் கவ்விக்கொண்டு, முன்பக்கம் குமிழை இடஞ்சுழியாகத் திருப்பினாலே போதும். இது குழிவுக்குள் இருந்தது, பிடி கிடைக்கவில்லை.

மிச்சம் டிரில். திருகை முழுதாகத் துளைப்பதில்லை, தலையை மட்டும். பள்ளத்தின் நடுவில் ஆணியால் தட்டிக் குழி போட்டு, முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 5 மி.மீ. மெதுவான வேகம். தலை 8 மி.மீ. அகலம், உடல் 4 மி.மீ.; உடலைவிடச் சற்றுப் பெரிய பிட் போனதும் தலை வளையமாகக் கழன்று பிட்டோடு சுற்றத் தொடங்கும். அதுதான் நிறுத்தும் அடையாளம். இன்னும் அழுத்தினால் மரத்தின் துளை பெரிதாகிவிடும். வேகமாக ஓட்டினால் இரும்பு சூடாகி மரம் கருகும் வாசனை வரும். வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

தலை போனபின் குமிழைப் பிடித்து நேராக முன்னோக்கி இழுத்தேன், வாலாக ஒட்டிய திருகோடு வந்துவிட்டது. வராவிட்டால் துளையைச் சுற்றி ஒரு மரக்கட்டையை முன்பக்கம் முட்டுக்கொடுத்து, உள்ளிருந்து மழுங்கிய ஆணியால் லேசாகத் தட்டலாம். கட்டையில் குமிழ் விழும் அளவுக்குத் துளை இருக்க வேண்டும். முட்டு இல்லாமல் தட்டினால் முகப்பு நார் வெளியே பெயரும்.

வாலைக் குறடால் பிடித்துக் குமிழைக் கழற்றினோம். குழிவு போக முகப்பு 20 மி.மீ. தடிமன், குமிழின் மரை 10 மி.மீ. ஆழம், 28 மி.மீ. நீளம் போதும். 30 மி.மீ. திருகுதான் கிடைத்தது, 2 மி.மீ. வாஷர் ஒன்று சேர்த்து அதே அளவுக்கு வந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு, மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஏற்றினேன். குமிழ் ஆடாமல் நின்றதும் நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் கால் சுற்று கூட வேண்டாம்.

அக்காவின் அலமாரியில் இன்னும் 5 குமிழ்கள் இருக்கின்றன. பொங்கலுக்குள் அவற்றின் திருகுகளையும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன், பள்ளம் இன்னும் மழுங்காமல் இருக்கும்போதே.