டேப் ஆறாயிரம், மோட்டார் அறுபது

எலக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் எந்தச் சரக்கு நன்றாக ஓடுகிறது என்று கேட்டால், இன்சுலேஷன் டேப் என்றோ சுவிட்ச் என்றோதான் சொல்வார். நாள் முழுக்க அவர் கை எடுத்துக் கொடுப்பது அவற்றைத்தானே. ஆனால் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பணத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஓர் உதாரணம். பத்து ரூபாய் டேப் வருஷத்துக்கு 6,000 விற்கிறது: 60,000 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் மோட்டார் அறுபதுதான் போகிறது, ஆனாலும் 6 லட்சம். ஒயர் காயில் 16 லட்சம், மின்விசிறி 10 லட்சம். கடையின் மொத்த விற்பனை 40 லட்சம் என்றால், இந்த மூன்று மட்டுமே 32 லட்சம். இவை ‘ஏ’. சுவிட்ச் 4 லட்சம், பல்பு 2 லட்சம், இவை ‘பி’. டேப், கிளிப், ஸ்க்ரூ, ஹோல்டர் என்று மிச்சமெல்லாம் சேர்ந்தே 2 லட்சம்தான், இவை ‘சி’.

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபோர்டு டிக்கி 1951-ல் எழுதிய கட்டுரையால் பரவிய முறை இது. எங்கே கோடு போடுவது என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. பட்டியலைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதினாலே தொகை சட்டென்று சரியும் இடம் தெரிந்துவிடும்.

பிரித்த பிறகு செய்ய வேண்டியது பலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். முக்கியமான சரக்கைத்தான் குறைவாக வைக்க வேண்டும். மூன்று மாத ஒயரை வாங்கி அடுக்கினால் 4 லட்சம் முடங்கும்; இடையில் செம்பு விலை இறங்கினால் நஷ்டம் வேறு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாங்கினால் 70,000 ரூபாயிலேயே ஓட்டிவிடலாம். வாரந்தோறும் எண்ணிப் பார்ப்பதும், மொத்த வியாபாரியிடம் பேரம் பேசுவதும் இந்த மூன்றுக்குத்தான். டேப்பையோ மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிப் போட்டாலும் 15,000 ரூபாய்தான் ஆகும். அதைத் தினமும் எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை.

அதற்காக ‘சி’ சரக்குத் தீர்ந்துபோக விடக்கூடாது. ஒயர் வாங்க வந்த எலக்ட்ரீஷியன் டேப் இல்லையென்றால் இரண்டையும் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார். மருத்துவமனைகளில் இது உயிர்ப் பிரச்சினை. அட்ரினலின் ஊசி மலிவானதுதான், ஆனால் இல்லாமல் இருக்க முடியாது. அதனால்தான் அங்கே மருந்துகளை உயிர்காப்பவை, அவசியமானவை, இருந்தால் நல்லவை என்று இன்னொரு வகையிலும் பிரித்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

விற்பனைத் தொகை லாபத்தையும் காட்டாது. மோட்டாரில் நூற்றுக்கு ஆறு ரூபாய் நின்றால் வருஷ லாபம் 36,000. சுவிட்சில் இருபது நின்றால் 80,000. ஆகவே முதலை எங்கே முடக்குவது என்பதற்கு விற்பனைப் பட்டியலைப் பாருங்கள்; எதை முன்னால் அடுக்கி விற்பது என்பதற்கு லாபத்தை வைத்துத் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். மின்விசிறி கோடையில்தான் ஓடும் என்பதால், பங்குனி வருவதற்குள் இரண்டையும் ஒருமுறை திருத்திவிடுங்கள்.