பழைய நூல்களின் விவரக்குறிப்பு

நுழையும்முன்

பழைய நூல் ஒன்றை விற்பவரும் வாங்குபவரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கலாம். நூலகத்திற்குக் கொடையாக வழங்குபவரும் பெறுபவரும் அவ்வாறே இருக்கலாம். அப்போது நூலுக்குப் பதிலாக முதலில் பயணம் செய்வது அதைப் பற்றிய நான்கைந்து வரிக் குறிப்பேயாகும். மொழி, கட்டு, பக்க எண்ணிக்கை, நிலை ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிவு செய்யும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கோட்டையூர்ச் சேமிப்பு

சிவகங்கை மாவட்டத்துக் கோட்டையூரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா செட்டியார். நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் எனப் பிறர் கழித்து ஒதுக்கிய அச்சுப் பொருள்களைத் தம் வாழ்நாள் முழுவதும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. ஆயினும் அது நாடு கடந்து செல்லவில்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. ஏறத்தாழ ஓர் இலட்சம் அச்சுப் பொருள்களைக் கொண்ட இத்தகைய குவியல் ஆய்வாளருக்குப் பயன்பட வேண்டுமானால், ஒவ்வொன்றும் தனித்தனியே விவரிக்கப்பட வேண்டும். ஒரு நூல் அலமாரியில் இருந்தும், விவரக்குறிப்பு இல்லையெனில் தேடுபவருக்கு அது இல்லாத நூலே ஆகும்.

பெருந்தொகுப்பிற்குரிய இம்முறை வீட்டு அலமாரிக்கும் பொருந்தும். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில், ஒரு வீட்டிலுள்ள மூன்று பழைய நூல்களை வெளியூருக்கு விற்க விரும்புகின்றனர் எனக் கொள்வோம். ஒன்று, கெட்டி அட்டையிட்ட பழைய புதினம். மற்றொன்று, வார இதழில் வந்த தொடர்கதையைப் பிரித்துக் கட்டிய தொகுப்பு. மூன்றாவது, பதினொன்றாம் வகுப்புப் பாடநூல். இவற்றை எவ்வாறு விவரிப்பது?

மொழியும் எழுத்தும்

நூலின் மொழி எளிதில் விளங்குவது போலத் தோன்றும். எனினும் மொழியும் எழுத்தும் ஒன்றல்ல. அரபுத்தமிழ் நூல்கள் அரபு எழுத்தில் அச்சிடப்பட்டவை. அவற்றின் மொழியோ தமிழ். எழுத்தை மட்டும் நோக்குபவர் அவற்றை அரபு நூல்கள் எனப் பதிவு செய்துவிடுவார். மொழிபெயர்ப்புப் புதினமாயின் நூலின் மொழியையும் மூலமொழியையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். பாடநூலாயின் பாடத்தின் பெயரோடு பயிற்றுமொழியையும் எழுத வேண்டும். ‘வேதியியல்’ என்று மட்டும் எழுதினால், ஆங்கிலவழியில் பயிலும் மாணவர் தமிழ்வழி நூலைப் பெற நேரும்.

எழுத்து வடிவமும் ஒரு சான்றாகும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியன யானைத் துதிக்கை போன்ற வளைவைத் தாங்கி அச்சாயின. இவ்வடிவம் காணப்படின் ‘பழைய எழுத்து வடிவம்’ எனக் குறிக்கலாம். ஆனால், அதைக் கொண்டே ‘1978க்கு முற்பட்ட நூல்’ என உறுதி செய்தல் ஆகாது. சீர்திருத்தத்திற்குப் பின்னும் பழைய அச்செழுத்துகளைப் பயன்படுத்திய அச்சகங்கள் இருந்தன. நூலில் ஆண்டு அச்சிடப்பட்டிருப்பின் அதையும், இல்லையெனில் ‘ஆண்டு குறிக்கப்படவில்லை’ என்பதையும் எழுதுவதே முறை.

இறுதிப் பக்க எண் போதாது

விவரக்குறிப்பில் மிகுதியான பிழைகள் நேர்வது பக்கக் கணக்கில்தான். பலர் நூலைப் புரட்டி, இறுதிப் பக்கத்திலுள்ள எண்ணைப் பார்த்து எழுதிவிடுகின்றனர். முன்னுரைப் பக்கங்களுக்குத் தனி எண்வரிசை இருப்பது வழக்கம். ஆதலால் ‘304 பக்கங்கள்’ என்பதைவிட ‘8 + 304 பக்கங்கள்’ என்பதே சரியானது. எண் இடப்படாத பக்கங்களை எண்ணிப் பகர அடைப்புக்குள் [4] என்பதுபோலத் தருவது நூலகத்தார் மரபு. பழைய நூல்களில் தமிழ் எண்கள் இருப்பின் கூடுதல் கவனம் வேண்டும். ௧, ௭, ௮ ஆகியன முறையே க, எ, அ என்னும் எழுத்துகளைப் போலத் தோன்றினும், அவை 1, 7, 8 ஆகிய எண்களைக் குறிப்பன.

வேங்கிக்கால் வீட்டுப் புதினத்தின் இறுதிப் பக்க எண் 304. தாள்களை எண்ணினால் முன்பகுதி நீங்கலாக 152 உள்ளன. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் என்பதால் கணக்கும் ஒத்து வருகிறது. ஆயினும் இந்நூல் முழுமையானதன்று. 32ஆம் பக்கத்தை அடுத்து 49ஆம் பக்கம் வருகிறது. 64ஆம் பக்கத்திற்குப் பின் மீண்டும் 49 தொடங்குகிறது.

இது எவ்வாறு நேர்ந்தது? நூல் தனித்தனித் தாள்களாக அச்சாவதில்லை. பெரிய தாளில் பல பக்கங்களை ஒருங்கே அச்சிட்டு மடிப்பர். இம்மடிப்பை அச்சகத்தார் ‘பாரம்’ என்பர். இந்நூலில் ஒரு பாரத்திற்கு 16 பக்கங்கள் உள்ளன. முதல் பாரம் 1 முதல் 16 வரை. இரண்டாவது 17 முதல் 32 வரை. மூன்றாவது 33 முதல் 48 வரை. பாரங்களை அடுக்கியவர் மூன்றாவதன் இடத்தில் நான்காவதை வைத்துவிட்டார். நான்காவது தனக்குரிய இடத்திலும் உள்ளது. ஒன்று குறைந்து ஒன்று மிகுந்ததால் தாள் எண்ணிக்கை மாறவில்லை.

இப்பிழையைக் கண்டறிய வழி உண்டு. பல நூல்களில் ஒவ்வொரு பாரத்தின் முதற்பக்க அடியிலும் அதன் வரிசை எண் சிறிய எழுத்தில் இருக்கும். 17ஆம் பக்கத்தடியில் 2, 33ஆம் பக்கத்தடியில் 3 எனத் தொடரும். இந்நூலில் அவ்வரிசை 1, 2, 4, 4, 5 எனச் செல்கிறது. பாரக்குறி இல்லாத நூல்களில் பக்க எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வாறு பார்க்காமல் ‘முழுமையான படி’ என எழுதினால், வாங்கியவர் கதையின் நடுவே பதினாறு பக்கங்களை இழப்பார்.

கட்டின் வகைகள்

கட்டு என்பது அட்டை மட்டுமன்று. அட்டை எதனால் ஆனது, தாள்கள் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்னும் இரண்டையும் கூற வேண்டும். அட்டை, சாதா அட்டையாகவோ துணி ஒட்டிய காலிக்கோ அட்டையாகவோ இருக்கலாம். இணைப்பில் மூன்று வகைகள் பெரிதும் காணப்படுகின்றன. பாரங்களின் மடிப்பினூடே நூலால் தைத்தது நூல் தையல். இது நன்கு விரியும். பக்கவாட்டில் கம்பி குத்தியது கம்பித் தையல். கம்பி துருப்பிடித்தால் சுற்றியுள்ள தாள் பழுத்துக் கிழியும். முதுகுப்புறத்தைச் சீவிப் பசையிட்டது பசைக்கட்டு. பசை காய்ந்தால் தாள்கள் ஒவ்வொன்றாக உதிரும்.

இரண்டாவது நூலான தொடர்கதைத் தொகுப்பில் கட்டே அடிப்படைச் செய்தியாகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் வார இதழில் தொடராக வெளிவந்த காலத்தில், ஓவியர் மணியத்தின் படங்கள் அதனுடன் இடம்பெற்றன. இத்தகைய தொடர்களின் பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்துக் கட்டிப் பாதுகாப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. இது பதிப்பகம் வெளியிட்ட நூலன்று. ஒரு வாசகர் உருவாக்கிய நூல். எனவே, ‘இதழிலிருந்து பிரித்துக் கட்டியது’ என முதலிலேயே கூற வேண்டும்.

இதன் பக்க எண்கள் தொடர்ச்சியாக இரா. ஓர் இதழில் 35 முதல் 42 வரையும் மறு இதழில் 27 முதல் 34 வரையும் கதை அச்சாகியிருக்கலாம். ஆதலின் தாள்களை எண்ணி இரட்டித்துக் கொள்ள வேண்டும். முழுமையை அத்தியாய எண்களால் சோதிக்க வேண்டும். கட்டுநர் ஓரத்தைச் சீவியபோது எழுத்துகள் அறுபட்டனவா, மடிப்பிற்குள் வரிகள் மறைந்தனவா என்பதையும் பார்க்க வேண்டும். சில தாள்களின் பின்புறத்தில் விளம்பரமோ வேறு கதையின் பகுதியோ இருப்பின், அதைக் குறையாகக் கருதாமல் குறித்து வைக்கலாம். இதழின் காலத்தைக் கணிக்க அவையும் உதவும்.

நிலையை உரைத்தல்

‘நல்ல நிலை’ என்பது கருத்து. ‘பின் அட்டை இல்லை’ என்பது செய்தி. விற்பவருக்கு நல்லதாகத் தோன்றுவது வாங்குபவருக்கு அவ்வாறு தோன்றாது. ஆகவே கண்ட குறைகளை இடத்துடன் முதலில் எழுதி, பொதுக்கருத்தை இறுதியில் வைக்க வேண்டும். நீர்க்கறை அலை போன்ற விளிம்புடன் பரவியிருக்கும். புத்தகப்புழுவின் துளை, தாள்களை ஊடுருவிச் செல்லும். அது எழுத்தைத் தொட்டதா, ஓரத்தோடு நின்றதா என்பதே வாசகருக்குத் தேவையான செய்தி. மலிவான மரக்கூழ்த் தாளில் அமிலத்தன்மை மிகுவதால் காலப்போக்கில் அது பழுப்பேறி நொறுங்கும். காற்றும் ஒளியும் படும் ஓரங்களிலேயே இது தொடங்கும். தாளை மடித்துப் பார்த்து வலிமையைச் சோதித்தல் கூடாது. சோதனையே அதை முறித்துவிடும். அடுக்கின் அடியில் உதிர்ந்து கிடக்கும் துகள்களே போதிய சான்றாகும்.

நூலக முத்திரை இருப்பின் மறைக்காமல் கூற வேண்டும். அந்நூலகம் அதைக் கழித்து விலக்கியதற்குரிய முத்திரை இல்லையெனில், விற்பதற்கு முன் உரிய நூலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

பாடநூலில் பதிப்பாண்டே முதன்மையானது. தமிழ்நாட்டில் 2018–19 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்பிற்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. அதற்கு முந்தைய நூல் ஒரு கறையும் இன்றிப் புதிதாக இருப்பினும், தேர்வுக்குப் படிப்பவருக்குப் பயன்படாது. பாடத்திட்ட வரலாற்றை ஆராய்பவருக்கே பயன்படும். தொகுதி எண்ணையும், பயிற்சிகளில் விடை எழுதப்பட்டிருப்பின் அது பென்சிலாலா மையாலா என்பதையும் குறிக்க வேண்டும். பென்சில் எழுத்தை அழித்துவிடலாம். மை எழுத்து நிலைத்துவிடும்.

நிறைவுற்ற குறிப்புகள்

மூன்று நூல்களுக்கும் உரிய குறிப்புகள் பின்வருமாறு அமையும். நூற்பெயர், ஆசிரியர் பெயர் ஆகியன இவற்றுக்கு முன்னே இடம்பெறும்.

1. புதினம். தமிழ், பழைய எழுத்து வடிவம். ஆண்டு குறிக்கப்படவில்லை. காலிக்கோ அட்டை, நூல் தையல். 8 + 304 பக்கங்கள், பக். 33–48 இல்லை, பக். 49–64 இருமுறை உள்ளன. ஓரங்கள் பழுப்பேறியவை, எழுத்துச் சேதம் இல்லை.

2. தொடர்கதை, வார இதழிலிருந்து பிரித்துக் கட்டியது. தமிழ். கெட்டி அட்டை. 180 தாள்கள் (360 பக்கங்கள்). பக்க எண் தொடர்ச்சியற்றது. அத்தியாயம் 1–46, 23 இல்லை. முதல் ஐந்து தாள்களின் மேலோரத்தில் நீர்க்கறை.

3. பாடநூல். பதினொன்றாம் வகுப்பு, வேதியியல், தொகுதி 1, தமிழ்வழி. முதல் பதிப்பு 2018. சாதா அட்டை, பசைக்கட்டு. பக்கங்கள் முழுமையாக உள்ளன. இரு தாள்கள் கட்டிலிருந்து விடுபட்டவை. பயிற்சி விடைகள் பென்சிலால் எழுதப்பட்டவை.

முதற்குறிப்பு புதினத்தின் விலையைக் குறைக்கக்கூடும். ஆயினும் அதே புதினத்தின் வேறொரு சிதைந்த படியை வைத்திருக்கும் நூலகர், தம் படியில் இல்லாத பக்கங்கள் இதில் உண்டா என்பதை அக்குறிப்பைக் கொண்டே அறிவார். இரண்டு குறையுள்ள படிகளிலிருந்து ஒரு முழு நூலை மீட்பதற்கு, இரண்டின் குறைகளும் பக்க எண்ணோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளி நூலகத்திலோ உள்ள பழைய நூல்கள் மூன்றனுக்கு விவரக்குறிப்பு எழுதுக.
2. நீங்கள் எழுதிய குறிப்பை நூலைக் காணாத நண்பரிடம் தந்து, நூலைப் பற்றி அவர் அறிந்தவற்றைக் கூறச் செய்து, நூலுடன் ஒப்பிடுக.
3. தாள் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு நூல் முழுமையற்றதாக இருப்பது எவ்வாறு? பாரக்குறியைக் கொண்டு விளக்குக.